நாலு கோடி ரெக்கார்டுகளை ஒரே மூச்சில் அழிக்கலாமா?

வருஷக்கணக்காகக் குவிந்த பழைய பதிவுகளை அழித்து டேபிளை இளைக்கச் செய்ய விரும்புகிறவர், ஒற்றை டெலீட் கட்டளையை எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் புறப்படுவதும், அரை மணி நேரத்திற்குள் சர்வர் ஸ்தம்பித்துவிட்டதென்று போன் வருவதும் இத்தொழிலில் அபூர்வமல்ல. மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில், ஆறு கோடி ரெக்கார்டுகளும் மூன்று துணை இன்டெக்ஸ்களும் உள்ள ஒரு டேபிளிலிருந்து 2024-க்கு முற்பட்ட நாலு கோடியை நீக்க வேண்டியிருப்பதாக வைத்துக்கொண்டு, இது சம்பந்தமாக உலவும் நம்பிக்கைகளைப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை: ரெக்கவரி மாடலை ‘சிம்பிள்’ என்று மாற்றிவிட்டால் லாகில் ஒன்றும் எழுதப்படாது.

உண்மை: எழுதப்படும். அழிகின்ற ஒவ்வொரு ரெக்கார்டும், பாதியில் தடங்கல் நேர்ந்தால் பழைய ஸ்திதிக்கு மீட்கப்பட வேண்டுமாதலால், தன் முழு உள்ளடக்கத்தோடு லாகில் குறிக்கப்படுகிறது. துணை இன்டெக்ஸ்களிலிருந்து நீங்கும் பதிவுகளுக்கும் அவ்வாறே. நம் உதாரணத்தில் நாலு கோடிக்குப் பதினாறு கோடிக் குறிப்புகள். ஒன்றுக்குச் சராசரி 150 பைட் என்று குறைவாகவே கணக்கிட்டாலும் 24 ஜி.பி. ஆகிவிடுகிறது. மீட்புக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவைக்கப்படும் இடம் இதற்கு மேல். சிம்பிள் மாடலின் சலுகையெல்லாம், முடிந்துபோன டிரான்ஸாக்ஷன்களின் இடத்தை, லாக் பேக்கப்புக்குக் காத்திராமல் செக்பாயின்ட் ஆனதும் மறுபடி உபயோகித்துக்கொள்ளலாம் என்பதே. நம் டெலீட்டோ இன்னும் முடியவில்லை. அது முடியும் வரையில், அதற்குப் பின்னால் எழுதப்பட்ட பிறருடைய குறிப்புகளைக்கூட விடுவிக்க இயலாது. ஆகவே ஃபைல் வளர்ந்துகொண்டே போய், டிஸ்க் நிரம்பியதும் 9002 என்ற பிழை வந்து நிற்கிறது.

நம்பிக்கை: அழிவது பழைய ரெக்கார்டுகள்தானே, புதியவற்றை எழுதுகிறவர்களுக்கு என்ன இடைஞ்சல்?

உண்மை: ஒரே கட்டளை ஒரு டேபிளின்மீதோ ஒரு இன்டெக்ஸின்மீதோ சுமார் 5000 பூட்டுகளைச் சேர்த்துவிட்டால், அத்தனையையும் தனித்தனியே நிர்வகிப்பதைவிட டேபிள் முழுவதற்கும் ஒரே பூட்டைப் போட்டுவிடலாமென்று சர்வர் முயல்கிறது, அது கிடைத்த கணத்திலிருந்து, இன்று காலையில் வந்த ரெக்கார்டைத் தொட நினைப்பவரும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். ரோலாக் என்ற குறிப்பைச் சேர்ப்பதனால் இது தவிர்ந்துவிடாது.

நம்பிக்கை: தொல்லை மிஞ்சினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடலாம்.

உண்மை: செய்யவே கூடாது. பாதியில் நின்ற வேலை எப்படியும் பின்வாங்கப்பட்டாக வேண்டும். அழிக்க எடுத்த நேரத்தைவிட அதற்கு அதிக நேரமும் பிடிக்கலாம். 2019-ஆம் பதிப்பில் வந்த துரித மீட்பு வசதியை இயக்கியிருந்தாலன்றி, ரீஸ்டார்ட் அந்த வேலையை மறுபக்கத்துக்குத் தள்ளிவைக்கிறதே தவிர ரத்து செய்வதில்லை.

நம்பிக்கை: லூப் போட்டுப் பகுதி பகுதியாக அழித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: உபாயம் சரியானதுதான், அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

```sql
DECLARE @n int = 1;
WHILE @n > 0
BEGIN
    DELETE TOP (4000) FROM dbo.AccessLog
    WHERE LoggedAt < '20240101';
    SET @n = @@ROWCOUNT;
    WAITFOR DELAY '00:00:01';
END
```

4000 என்பது 5000-க்குச் சற்றுக் கீழே நிற்பதற்காக. `@@ROWCOUNT` மதிப்பை டெலீட்டுக்கு அடுத்த வரியிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். இடையில் வேறொரு கட்டளை புகுந்தால் அந்த எண்ணிக்கை மாறிப்போகும். பத்தாயிரம் சுற்றுகள், சுற்றுக்கு ஒரு விநாடி ஓய்வு என்றால், ஓய்வு மட்டுமே இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேலாகிறது. அந்த அவகாசத்தில்தான் மற்றவர்கள் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நன்றாக எழுதப்பட்ட லூப்பைச் சுற்றி, ஜாக்கிரதை என்ற பெயரில் ஒரு `BEGIN TRAN` போட்டுவிடுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் பத்தாயிரம் சுற்றுகளும் ஒரே டிரான்ஸாக்ஷனாகி, முதலில் சொன்ன சங்கடங்கள் யாவும் திரும்பி வந்துவிடுகின்றன. ஒவ்வொரு சுற்றும் தன்னளவில் முடிந்துவிடுவதில்தான் பிரயோஜனம் இருக்கிறது. `LoggedAt` மீது இன்டெக்ஸ் இல்லாத டேபிளில் வேறொரு விபரீதம்: அழிக்க வேண்டியவை அருகிப்போகப் போக, எஞ்சிய 4000-ஐத் தேடி சர்வர் ஒவ்வொரு முறையும் மேலும் அதிக தூரம் துழாவ நேரிடும். முதலில் மளமளவென்று ஓடிய லூப் பின்னேரத்தில் மந்தமானால் காரணம் பெரும்பாலும் இதுவே.

‘ஃபுல்’ மாடலில் லாக் பேக்கப் நடந்தாலொழிய இடம் திரும்பாதாகையால், லூப் ஓடும் சமயத்தில் பேக்கப்பை அடிக்கடி எடுக்க வேண்டும். லாக் ஏன் காலியாகவில்லை என்று அறிய இதைக் கேட்டால் போதும்:

```sql
SELECT name, log_reuse_wait_desc FROM sys.databases;
```

`LOG_BACKUP` என்று விடை வந்தால் பேக்கப் தாமதம். `ACTIVE_TRANSACTION` என்று வந்தால், எங்கோ ஒரு டிரான்ஸாக்ஷன் முடியாமல் திறந்து கிடக்கிறது.