இணையத் தொலைபேசிக்கு அழைப்பு வராமல் போகிறதா? ரவுட்டரில் கவனிக்க 6 குறிப்புகள்

1. பெயர் தேடும் டிஎன்எஸ்ஸும் இணையத் தொலைபேசியின் குரலும் பெரும்பாலும் யூடிபியில்தான் போகின்றன. யூடிபியில் இணைப்பைத் தொடங்குவதும் முடிப்பதும் கிடையாது. அதனால் ஃபயர்வால், வெளியே போகும் பாக்கெட்டைப் பார்த்துத் தானே ஒரு பதிவு எழுதிக்கொள்கிறது. பதிலைத் தடுப்பதும் விடுவதும் அந்தப் பதிவைப் பொறுத்ததே.

2. லினக்ஸ் ரவுட்டராக இருந்தால் பதிவுகளை நேரில் பார்க்கலாம்:

```
conntrack -L -p udp
```

உங்கள் கணினி 192.168.1.20, தன் 40512 போர்ட்டிலிருந்து 192.0.2.53 என்ற டிஎன்எஸ் சர்வரின் 53-ஆம் போர்ட்டுக்குக் கேள்வி அனுப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே முகவரியின் அதே போர்ட்டிலிருந்து திரும்பி வரும் பாக்கெட் மட்டுமே பதிலாக ஏற்கப்படும். வேறு எங்கிருந்து வந்தாலும் புதியதாகக் கருதி, ஃபயர்வால் விதிப்படி தடுக்கப்படும்.

3. டிஎன்எஸ் பதில் வரவேண்டும் என்பதற்காக, 53-ஆம் போர்ட்டிலிருந்து வரும் எல்லாவற்றையும் அனுமதிக்கும் விதியை எழுதாதீர்கள். வெளியாள் யாரும் தன் பாக்கெட்டை 53-ஆம் போர்ட்டிலிருந்து அனுப்ப முடியும். நிலையறிந்து செயல்படும் இந்த விதியே போதும்:

```
iptables -A FORWARD -m conntrack --ctstate ESTABLISHED,RELATED -j ACCEPT
```

4. யூடிபியில் விடைபெறும் செய்தி இல்லாததால், பதிவை எப்போது அழிப்பது என்பதைக் கடிகாரமே முடிவு செய்கிறது. இன்றைய லினக்ஸில் இயல்பான கெடு 30 வினாடி. இருபுறமும் 2 வினாடிக்கு மேல் போக்குவரத்து தொடர்ந்தால் 120 வினாடி. ஒவ்வொரு பாக்கெட்டும் கெடுவைப் புதுப்பிக்கும். டிஎன்எஸ் பதில் ஒரு நொடிக்குள் வந்துவிடுவதால் அதற்கு இந்தக் கெடு தாராளம்.

5. தொலைபேசியில்தான் சிக்கல். நீங்கள் கூப்பிட்டால் பேச முடிகிறது. உங்களைக் கூப்பிட்டால் மணி அடிப்பதில்லை. ஆனால் தொலைபேசியை அணைத்துப் போட்டால் சற்று நேரம் சரியாக இருக்கிறது. இதுதான் அடையாளம். தொலைபேசி தன்னைச் சர்வரில் பதிவு செய்வது நொடிக்குள் முடிவதால் 30 வினாடிக் கெடுவே கிடைக்கிறது. சர்வரில் அடுத்த பதிவு ஒரு மணி நேரம் கழித்து என்று அமைத்திருந்தால், இடையில் வரும் அழைப்புக்கு ஃபயர்வாலில் வழி இருக்காது. தொலைபேசி அமைப்பில் ‘கீப்-அலைவ்’ இடைவெளியை 20 வினாடியாக வையுங்கள். அந்தச் சிறு பாக்கெட் ஃபயர்வாலின் பதிவை உயிரோடு வைத்திருக்கும்.

6. மணி அடித்தும் குரல் ஒருபுறம் மட்டும் கேட்டால், குறிப்பு 5 உதவாது. குரல் வேறு போர்ட்டில் வருவதால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். உங்கள் கருவி முதலில் குரல் பாக்கெட் அனுப்பினால்தான் அந்தப் பதிவு உருவாகும். எனவே மௌனத்தில் பாக்கெட் அனுப்பாமல் நிறுத்தும் வசதியை அணைத்துப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால், ரவுட்டரில் உள்ள ‘சிப் ஏஎல்ஜி’யை அணைத்துச் சோதியுங்கள். அது சிப் செய்திக்குள் இருக்கும் முகவரியைத் தவறாக மாற்றி எழுதினாலும் எதிர்முனையின் குரல் உங்களை வந்தடையாது.