கருத்தாய்வு அட்டவணையைப் படிக்கும் முறை

"நூலகம் திறந்திருக்கும் நேரம் போதும் என்போர் 42 விழுக்காடு." இப்படி ஒரு வரி அறிக்கையில் இருந்தால் நாம் என்ன நினைப்போம்? பள்ளியில் ஏறத்தாழ பாதிப்பேர் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் அந்த வரி பிறந்த அட்டவணையை முறையாகப் படித்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்பதை, இவ்வாண்டு எங்கள் வகுப்பின் செயல்திட்டத்தைக் கொண்டே விளக்குகிறோம்.

எங்கள் பள்ளி நூலகம் மாலை 4 மணி முதல் 5.30 வரை திறந்திருக்கும். நண்பகல் இடைவேளையிலும் திறக்கலாமா என்பதே எங்கள் கேள்வி. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் 600 பேரில் விடுதியில் தங்குவோர் 100 பேர்; வீட்டிலிருந்து வருவோர் 500 பேர். வருகைப் பதிவேட்டு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, விடுதியிலிருந்து 20 பேரையும் வீட்டிலிருந்து வருவோரில் 40 பேரையும் எடுத்தோம். விடுதியினரின் கருத்தைத் தனியே அறிய வேண்டுமென்பதால், அவர்களது பங்கை வேண்டுமென்றே கூட்டி வைத்தோம். விடுதியினர் 20 பேரும் வினாத்தாளைத் திருப்பித் தந்தனர். மற்றவர்களில் 28 பேர் தந்தனர். ஆக மொத்தம் 48 தாள்கள்.

ஒவ்வொரு கூற்றுக்கும் ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்கச் சொன்னோம். இம்முறையை 1932-இல் வெளியிட்டவர் ரென்சிஸ் லிக்கர்ட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர். அவர் பெயராலேயே இது லிக்கர்ட் அளவுகோல் எனப்படுகிறது. கிடைத்த விடைகள், விழுக்காட்டில், இவை:

| கூற்று | விடையளித்தோர் | முழுதும் உடன்பாடு | உடன்பாடு | நடுநிலை | உடன்பாடில்லை | சிறிதும் உடன்பாடில்லை |
|---|---|---|---|---|---|---|
| 1. வேண்டிய நூல்கள் கிடைக்கின்றன | 48 | 13 | 38 | 25 | 19 | 6 |
| 2. திறந்திருக்கும் நேரம் போதும் | 48 | 29 | 13 | 8 | 17 | 33 |
| 3. நூலகத்தில் அமைதி குறைவு | 45 | 7 | 13 | 20 | 40 | 20 |

முதலில் பார்க்க வேண்டியது விழுக்காட்டை அன்று. 'விடையளித்தோர்' என்ற பத்தியைத்தான். மூன்றாம் கூற்றை மூவர் வெறுமையாக விட்டுவிட்டனர். ஆகவே அந்த வரிசையில் 100 விழுக்காடு என்பது 45 பேர். மற்ற இரண்டிலும் 48 பேர். 20 விழுக்காடு என்று படித்தவுடன், "எத்தனை பேரில் 20?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே அது 9 பேர்.

முதல் வரிசையைக் கூட்டிப் பாருங்கள், 101 வரும். இது பிழையன்று. உண்மையில் விடையளித்தவர்கள் முறையே 6, 18, 12, 9, 3 பேர். அவற்றின் விழுக்காடு 12.5, 37.5, 25, 18.75, 6.25. ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கும்போது ஒன்று கூடிவிட்டது. கூட்டுத்தொகை 99 அல்லது 101 ஆனால் கவலை வேண்டாம். 94 அல்லது 108 ஆனால் எங்கோ எண்ணிக்கை தவறியுள்ளது என்று பொருள். இதே காரணத்தால், "உடன்படுவோர் மொத்தம்" எழுதும்போது 13-ஐயும் 38-ஐயும் கூட்டி 51 என எழுதக்கூடாது. ஆட்களைக் கூட்டிப் பிறகு வகுக்க வேண்டும். 48-க்கு 24 என்பது சரியாக 50. பாதிக்கு மேல் என்பதற்கும் சரிபாதி என்பதற்கும் வேறுபாடு உண்டு அல்லவா?

மூன்றாம் கூற்று எதிர்மறையானது. மற்ற இரண்டிலும் உடன்படுவது பாராட்டு. இதில் உடன்படுவது குறை. ஆகவே இதை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். 60 விழுக்காட்டினர் உடன்படவில்லை, அதாவது அமைதி இருக்கிறது என்கின்றனர்.

இனி எங்கள் கேள்விக்குரிய இரண்டாம் வரிசைக்கு வருவோம். ஐந்து படிகளுக்கும் 5, 4, 3, 2, 1 என மதிப்பெண் தந்து சராசரி கண்டால் 2.9 வருகிறது. அது ஏறத்தாழ நடுநிலை. ஆனால் நடுநிலையைக் குறித்தவர்களோ வெறும் நால்வர்! இரு ஓரங்களிலும் கூட்டம்; நடுவில் ஆளில்லை. இப்படி ஒரு வரிசை இரு பக்கமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருந்தால், இருவேறு சாரார் கலந்திருக்கின்றனரோ என ஐயுற வேண்டும். சராசரி இதை மறைத்துவிடும்.

நாங்கள் தாள்களை இரண்டாகப் பிரித்தோம். விடுதியினர் 20 பேரில் 16 பேர் நேரம் போதும் என்றிருந்தனர். இது 80 விழுக்காடு. வீட்டிலிருந்து வரும் 28 பேரில் அவ்வாறு கூறியவர்கள் 4 பேரே. இது 14 விழுக்காடு. காரணம் தெளிவு: மாலை 4 மணிக்கு நூலகம் திறக்கும்போது அவர்கள் பேருந்துக்கு ஓடுகின்றனர்.

அப்படியானால் 42 விழுக்காடு என்பது எவருடைய கருத்து? எங்கள் 48 பேரில் விடுதியினர் ஏறத்தாழ ஐந்தில் இருவர். பள்ளியிலோ ஆறில் ஒருவர் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு சாராரையும் அவர்தம் உண்மையான எண்ணிக்கைக்கு ஏற்ப நிறுத்துப் பார்க்க வேண்டும். விடுதியினர் 100 பேரில் 80 விழுக்காடு என்றால் 80 பேர். மற்ற 500 பேரில் 28-க்கு 4 என்ற கணக்கில் 71 பேர். மொத்தம் 151. அது 600 பேரில் 25 விழுக்காடு. 42 என்று அட்டவணை காட்டியது, பள்ளியளவில் 25 ஆகக் குறைந்துவிட்டது. எண்கள் மாறவில்லை; படித்த முறைதான் மாறியது.

இன்னும் ஒரு கேள்வி உண்டு. 28 பேரைக் கேட்டு 500 பேரைப் பற்றிப் பேசலாமா? குலுக்கி எடுத்தவர்களிடம் கேட்டதாயின், பேசலாம். ஆனால் ஓர் இடைவெளியோடு. 100-ஐ விடையளித்தோர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், விழுக்காடு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது தோராயமாகத் தெரியும். பாதியை ஒட்டிய விழுக்காடுகளுக்கு இக்கணக்கு பொருந்தும். 28-இன் வர்க்கமூலம் 5.3, 100-ஐ அதனால் வகுத்தால் 19. வீட்டிலிருந்து வருவோரில் சரிபாதிப் பேர், அதாவது 14 பேர், வேண்டிய நூல்கள் கிடைப்பதாகச் சொல்லியிருந்தனர். ஆனால் 500 பேரையும் கேட்டால் அந்த 50 என்பது 31 முதல் 69 வரை எதுவாகவும் இருக்கலாம். எனவே முதல் கூற்றைப் பற்றி, பெரும்பாலோர் கருத்து இன்னதென்று நாங்கள் எழுதவில்லை. இடைவெளியைப் பாதியாக்க வேண்டுமானால், நான்கு மடங்கு பேரை, அதாவது 112 பேரைக் கேட்டிருக்க வேண்டும்.

தாள் தராத 12 பேரை இந்தக் கணக்கு அறியாது. அவர்களுக்கு மிகச் சாதகமாகவே எண்ணிப் பார்த்தோம். அந்தப் பன்னிருவரும் நேரம் போதும் என்றே சொல்லியிருந்தாலும், 40-க்கு 16 தான் ஆகும். அது 40 விழுக்காடு. அப்போதும் பாதியை எட்டவில்லை. ஒருவர்கூட அவ்வாறு சொல்லியிராவிட்டால் 40-க்கு 4, அதாவது 10 விழுக்காடு.

ஆதலால் அறிக்கையில் நாங்கள் எழுதிய முடிவு இதுவே: "விடுதி மாணவியருக்கு மாலை நேரம் போதுமாக உள்ளது. வீட்டிலிருந்து வருவோரில் விடையளித்த 28 பேருள் 4 பேர் மட்டுமே போதும் என்கின்றனர். 12 பேர் விடையளிக்கவில்லை. நூல்கள் கிடைப்பது பற்றி உறுதியாகக் கூற இத்தாள்கள் போதா." இந்த நான்கு வரிகளோடு, நண்பகலில் அரைமணி நேரம் நூலகத்தைத் திறக்க வேண்டும் என்ற விண்ணப்பத்தையும் இணைத்து, தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் அளித்துள்ளோம்.