தினமும் நடப்பவருக்கு எந்தக் கடிகாரம்?



"தினம் அரை மணி நேரம் நடங்க" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி அனுப்புகிறோம். சிலர் மறுவாரமே வந்து, "நடக்கிறதுக்கு வாட்ச் வாங்கணுமாமே, எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கடைக்குப் போனால் 1,200 ரூபாய்க்கும் ஒன்று இருக்கிறது, 30,000 ரூபாய்க்கும் ஒன்று இருக்கிறது. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னுகின்றன. இந்த விலை வித்தியாசத்தில் நடப்பவருக்கு உதவுவது எது என்று பார்ப்போம்.

முதலில், நடப்பவருக்கு என்ன கணக்கு வேண்டும்? வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமாக நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாளைக்கு 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்றால் கணக்கு சரியாகிவிடும். சற்று வேகம் என்றால் எவ்வளவு? பெரும்பாலோருக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. அந்த வேகத்தில் பேச முடியும், ஆனால் பாட முடியாது. ஆக, அரை மணியில் 3,000 அடி. எத்தனை நிமிடம், எத்தனை அடி என்ற இந்த இரண்டு எண்தான் தேவை.

பல கருவிகள் நாளைக்கு 10,000 அடி என்று இலக்கு வைத்துத் தருகின்றன. அது வைத்தியர் எழுதிக் கொடுத்த அளவு அல்ல. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அந்த எண் அப்படியே நிலைத்துவிட்டது. அதை எட்டவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சர்க்கரை, வீட்டம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. கையில் 4,500 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் மூன்றை எடுத்து வைக்கிறார்.

1,800 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச். பெரிய திரை, அதிலேயே போன் பேசலாம், பி.பி. காட்டும், சர்க்கரையும் காட்டும் என்கிறார். அடுத்து 2,300 ரூபாய்க்கு ஒரு பிட்னஸ் பேண்ட். ஒல்லியாக இருக்கிறது; அடி, நேரம், நாடித் துடிப்பு, தூக்கம் காட்டும். மூன்றாவது 9,000 ரூபாய் வாட்ச். நடந்த பாதையைச் செயற்கைக்கோள் வழியாகத் தானே குறித்துக்கொள்ளும் ஜி.பி.எஸ். அதில் உண்டு.

மூன்றாவதை முதலில் தள்ளிவிடலாம். ஜி.பி.எஸ். என்பது புதுப்புது வழியில் ஓடுபவருக்கு உதவும். தினமும் அதே ஏரிக்கரை, அதே கோயில் வீதி என்று நடப்பவருக்கு வழியும் தெரியும், தூரமும் தெரியும்.

முதலாவதில் போன் பேசுகிற வசதிக்கு வாட்ச் உங்கள் போனோடு இணைந்திருக்க வேண்டும். நடக்கும்போது போன் சட்டைப் பையில் இருக்கத்தானே போகிறது? பேசுகிற வாட்சுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டிவரும். பேண்ட் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். சார்ஜ் தீர்ந்து மாடத்தில் கிடக்கிற வாட்ச் அடி எண்ணாது பாருங்கள்.

இனி சர்க்கரை விஷயம். இங்கே நன்றாகக் கவனியுங்கள். தோலில் ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டும் ஒரு சென்சார் வேறு. அதில் மெல்லிய இழை தோலுக்குள் போகிறது. வெறும் வாட்ச் காட்டுவது அளந்த எண் அல்ல. அது 110 என்று காட்டியதை நம்பி மாத்திரையை நிறுத்தினால், அல்லது இன்சுலினைக் கூட்டினால், ஆபத்து யாருக்கு? பி.பி.யும் அப்படித்தான். கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளக்காத மலிவு வாட்ச் எண்ணை நம்பாதீங்க. சந்தேகமிருந்தால் அதே வாட்சைச் சுருட்டிய துண்டில் கட்டிப் பாருங்கள். துண்டுக்கும் 120/80 காட்டினால் புரிந்துவிடும்.

இந்தத் தம்பதிக்கு என் யோசனை இதுதான். இரண்டு பேரும் சேர்ந்துதானே நடக்கிறார்கள்? ஒரு பேண்ட் போதும். நிமிடம் இருவருக்கும் ஒன்றே. மீதி 2,200 ரூபாயில் மேல்கையில் கட்டும் பி.பி. கருவி ஒன்று வாங்கலாம். அதற்கு மனமில்லையா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி.யும் சர்க்கரையும் இலவசமாகவே பார்க்கிறோம். கையில் ஏற்கெனவே ஸ்மார்ட் போன் இருந்தால், அதில் அடி எண்ணும் செயலியைப் போட்டுப் பையில் வைத்து ஒரு மாதம் நடந்து பார்த்துவிட்டுக்கூட வாங்கலாம். சாதா பட்டன் போன் மட்டும் உள்ளவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பெரும்பாலான பேண்டுகளை முதலில் ஸ்மார்ட் போனோடு இணைத்தால்தான் வேலை செய்யும்.

வாங்கும் முன் கடையிலேயே கட்டிக்கொண்டு, வாய்விட்டு எண்ணி 100 அடி நடங்கள். 95க்கும் 105க்கும் நடுவில் காட்டினால் நல்லது. வீட்டுக்கு வந்ததும் போக்குவரத்து இல்லாத ஊர்ச்சாலையில், ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை நடங்கள். நூறு அடிக்கு ஒரு புளியங்கொட்டையை ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றினால் எண்ணிக்கை தவறாது. பெரும்பாலோருக்கு 1,300லிருந்து 1,500 அடி வரும். உங்கள் எண்ணும் பேண்டின் எண்ணும் நூறு அடிக்கு மேல் விலகினால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. பேண்ட் காலைப் பார்ப்பதில்லை, கை ஆடுவதைப் பார்த்து அடியைக் கணக்கிடுகிறது. இடுப்பில் குடம் வைத்து அதே கையால் அணைத்துக்கொண்டு நடந்தால் அந்த அடிகள் குறையும். துணி துவைத்தாலும் மாவு பிசைந்தாலும், மாமல்லபுரம் கரையில் வலை இழுத்தாலும் நடக்காத அடிகள் ஏறிவிடும். ராத்திரி மொத்த எண்ணைப் பார்த்து, "இன்னிக்கு ஆறாயிரம் ஆச்சு, நடக்க வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்களே, அது இதனால்தான் தப்பு. நடக்கக் கிளம்பும்போது ஓர் எண், திரும்பும்போது ஓர் எண் பார்த்துக் கழியுங்கள்.

நாடித் துடிப்பை அடியில் எரியும் பச்சை விளக்கு பார்க்கிறது. வளையல் இடித்துப் பேண்ட் தூக்கினாலும், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் எண் தடுமாறும். வளையல் இல்லாத கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டுங்கள். உட்கார்ந்து விரலால் நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிச் சரிபாருங்கள். நடக்கையில் நெஞ்சு அடைத்தாலோ, இடது கை வலித்தாலோ, குப்பென்று வியர்த்தாலோ பேண்ட் நல்ல எண் காட்டினாலும் நம்பாமல் உட்காருங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். மாரடைப்பை எந்த விலை வாட்சும் கண்டுபிடிக்காது. இ.சி.ஜி. காட்டும் விலையுயர்ந்த வாட்சுகளும் இதயத் துடிப்பின் சீர்கேட்டைத்தான் பார்க்கின்றன.

கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்கள் நடந்து வந்ததும் பேண்டை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். உப்பு படிந்தால் பின்பக்கத்து உலோக முனைகள் அரித்து, சார்ஜ் ஏறாமல் போய்விடலாம்.