மண்டல நோன்பு

சேர நாட்டு மலைத்தொடரில், அடர்ந்த காட்டின் நடுவே அமைந்துள்ளது சபரிமலை ஐயப்பன் கோயில். அங்குச் செல்வோர் 41 நாள் நோன்பு பூணுதல் மரபு. இதனை ஒரு மண்டலம் என்பர். கார்த்திகை முதல் நாளில் தொடங்கினால் மார்கழி 11 அல்லது 12-ஆம் நாளில் அது நிறைவுறும்.

எங்கள் தெருவில் நெசவாளர் ஒருவர் இருந்தார். கார்த்திகை முதல் நாள் விடியலில் நீராடி, பன்முறை மலை சென்று வந்த குருசாமியின் கையால் துளசிமணி மாலை அணிந்துகொண்டார். அன்று முதல் கறுப்பு வேட்டியும் கறுப்புத் துண்டுமே அவர் உடை. காலில் செருப்பில்லை, முகம் மழிப்பதில்லை, உறக்கம் தரையில் விரித்த பாயில். தறிக்குழியில் மிதிபலகையை மிதித்துப் பழகியவருக்கு வெறுங்கால் புதிதன்று. இவையெல்லாம் இரண்டொரு நாளில் பழகிவிட்டன.

நாவை அடக்குவதே அரிதாயிற்று. காலையும் மாலையும் நீராடி வழிபட்ட பின்னரே உணவு. நண்பகலில் ஒருவேளை சோறு. இரவில் பழமோ பாலோ. புலாலை விடுதல் அவருக்கு எளிதாயிருந்தது. புகையிலையை விடுதலோ அத்துணை எளிதன்று. முதல் வாரம் முழுவதும், நெய்துகொண்டிருக்கும்போதே அவருடைய கை இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் தேடிச் சென்று வெறுமையாய்த் திரும்பும்.

சினமும் அவ்வாறே. இழை அறுந்தால் உதவிக்கு இருந்த சிறுவனை வைவது அவர் வழக்கம். மாலை அணிந்தவர் எவரையும் ‘சாமி’ என்றே விளித்தல் வேண்டும். சாமி என்று தொடங்கிய வாக்கியத்தை வசையாக முடிக்க இலக்கணமும் இடந்தராது போலும்! அவர் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் தாமே இழையைப் பிணைப்பார்.

33-ஆம் நாள் காலை, அவருடைய சிறிய தந்தையார் இறந்த செய்தி வந்தது. நெருங்கிய உறவில் சாவு நேர்ந்தால் மாலையைக் கழற்றிவிடுதல் முறை. தேங்காயில் நெய் நிறைத்து இருமுடி கட்டுதற்குரிய நாளும் குறித்தாயிற்று. முடி தாங்கினாலன்றிப் பதினெட்டாம்படி ஏறுதல் இயலாது. “இன்னும் 8 நாளே உள்ளன, தொலைவில் நின்று கும்பிட்டு வந்துவிடுங்கள்” என்று சிலர் கூறினர். அவர் அதற்கு இசையவில்லை. நேரே குருசாமியிடம் சென்று மாலையைக் கழற்றுவித்துக்கொண்டார். பின்னர்ச் சாவுவீட்டிற்குச் சென்று பாடைக்குத் தோள் கொடுத்தார்.

அவ்வாண்டு நெய்க்கென எடுத்து வைத்திருந்த பணம் ஈமச்செலவிற்குப் பயன்பட்டது. மறு ஆண்டு கார்த்திகை முதல் நாள் அவர் மீண்டும் மாலை அணிந்தார். கழிந்த 32 நாள்களை எவரும் கணக்கில் சேர்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சுருக்குப்பையை மட்டும் இம்முறை மாலையிடுவதற்கு முன்னரே மனைவியிடம் கொடுத்துவிட்டார்.