கூடுதலாக வந்த சம்பளத்தைத் தவணையில் திருப்பச் செலுத்துதல்

அரசு ஊழியருக்கு ஊதிய உயர்வு தவறாகக் கணக்கிடப்பட்டு, கூடுதல் தொகை மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும்போது, அவர் முதலில் பெறவேண்டிய தொகையையும் பெற்ற தொகையையும் மாதவாரியாக ஒப்பிடும் பட்டியலை எழுத்தில் கேட்டு, அது கிடைக்கும்வரை பிடித்தத்தை நிறுத்திவைக்குமாறு சம்பளம் வழங்கும் அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

தவணை கோருவதற்கு முன் அந்தக் கூடுதல் தொகை உண்மையில் வசூலிக்கத்தக்கதா என்று பார்ப்பது இன்றியமையாதது. பஞ்சாப் அரசுக்கும் ரபீக் மசீக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல், மூன்றாம், நான்காம் நிலை ஊழியர், ஓய்வுபெற்றோர், ஓராண்டுக்குள் ஓய்வுபெறுவோர் ஆகியோரிடமும், ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து வழங்கப்பட்ட தொகையிலும் வசூல் கூடாதென்றது. கேரள ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கிலும் 2022இல் வசூல் தடுக்கப்பட்டது. ஆனால் கூடுதல் தொகையைத் திருப்பித் தருவதாக முன்பே உறுதிமொழி எழுதிக்கொடுத்தவருக்கு இப்பாதுகாப்பு கிட்டாமல் போகலாம் என்பதை 2016இன் ஜக்தேவ் சிங் தீர்ப்பு காட்டுகிறது. அவ்வழக்கிலும் நீதிமன்றம் ஈராண்டில் நியாயமான தவணைகளாகவே வசூலிக்கச் சொன்னது.

எனவே 36,000 ரூபாய்க்கு மாதம் 6,000 பிடிக்கப்படுமானால், வீட்டுச் செலவுக் கணக்கை இணைத்து, மாதம் 1,500 வீதம் 24 தவணை கேட்கலாம்; வசூல் சரியல்ல என்று மறுக்கும் உரிமை இதனால் கைவிடப்படவில்லை என்ற வரியையும் சேர்த்து, நகலில் பெறுகை முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.