புகார் எண்ணும் பதினைந்து நாள் வாடகையும்

காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தித் தரும் பெண்மணி ஒருவரைக் கருதுவோம். கோப்புகள் வருவதும் போவதும் இணையத்தின் வழியே. மாதம் 900 ரூபாய் வாடகையும் அதன்மேல் 18 விழுக்காடு வரியும் செலுத்தி, நொடிக்கு 100 மெகாபிட் வேகம் தரும் கண்ணாடியிழை இணைப்பை அவர் பெற்றிருந்தார். 2022 ஜூன் 6, திங்கட்கிழமை மாலை, தெருவில் வடிகால் வெட்டியவர்களின் கடப்பாரை பட்டு இழை அறுந்தது. ரூட்டரில் LOS என்று எழுதப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தது. இழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். வீட்டுக் கருவியை அணைத்து ஏற்றிப் பயனில்லை.

இரண்டொரு நாளில் வந்துவிடும் என்று அவர் காத்திருந்தார். அக்காத்திருப்பு ஒரு பிழை. பழுது நேர்ந்த நொடியிலிருந்து விதி நாள்களை எண்ணுவதில்லை; புகார் பதிவான நேரத்திலிருந்தே எண்ணுகிறது. அவர் நிறுவனத்தின் சேவை மையத்தை அழைத்து ஒரு புகார் எண்ணைப் பெற்றது ஜூன் 8, புதன்கிழமை காலையில்தான்.

ஜூன் 11 அன்று, "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. விளக்கோ சிவப்பாகவே இருந்தது. பழுது நீங்குமுன்பே புகாரை முடித்துக் கணக்கைச் சுருக்கும் இவ்வழக்கம் அரிதன்று. அவர் செய்த நற்செயல் ஒன்று: விளக்கையும் அருகில் அன்றைய நாளிதழின் முதற்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து வைத்தார். ஜூன் 14 அன்று மீண்டும் அழைத்தபோது, பழைய எண்ணைத் திறக்காமல் புதிய புகார் எண் ஒன்றைத் தந்தனர். ஜூன் 20 மாலை இழை ஒட்டப்பட்டு இணைப்பு மீண்டது.

ஜூலைத் தொடக்கத்தில் வந்த கட்டணச்சீட்டில் முழு வாடகையும் கேட்கப்பட்டிருந்தது. சேவை மையத்தில் பேசியவர், "அம்மா, ஆறு நாள்தான் பழுது. ஏழு நாள் வாடகையைக் கழித்துத் தருகிறோம்" என்றார். ஆறு நாள் பழுதுக்கு ஏழு நாள் கழிவா என்று கேட்பவர் மகிழக்கூடும். அவ்வளவு தாராளம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவரே அதன் குறையையும் அறிவார்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அகலக்கற்றைச் சேவையின் தரம்பற்றி 2006ஆம் ஆண்டு வகுத்த விதிகளே அப்போது நடைமுறையில் இருந்தன. பழுது மூன்று வேலைநாள்களைக் கடந்து ஏழு நாளுக்குள் நீங்கினால் ஏழு நாள் வாடகை. ஏழைக் கடந்து பதினைந்துக்குள் நீங்கினால் பதினைந்து நாள் வாடகை. அதற்கும் மேற்பட்டால் ஒரு மாத வாடகை. இழந்த நாளுக்கு இவ்வளவு என்னும் கணக்கன்று இது. படிப்படியாக உயரும் கணக்கு. ஆகவே எண்ணிக்கை எந்நாளில் தொடங்குகிறது என்பதே முழு வழக்கும்.

நிறுவனம் இரண்டாம் புகாரின் நாளாகிய ஜூன் 14இலிருந்து எண்ணியது. ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக ஆறு வேலைநாள்கள்; எனவே முதற்படி, 210 ரூபாய். முதற்புகாரின் நாளாகிய ஜூன் 8இலிருந்து எண்ணினால் பதினொரு வேலைநாள்கள். சனிக்கிழமைகளையும் விடுமுறையாகக் கொண்டால்கூட ஒன்பது. எவ்வாறு எண்ணினும் இரண்டாம் படியே. 450 ரூபாயும் அதற்குரிய வரி 81 ரூபாயும் கழிக்கப்படல் வேண்டும்.

சேவை மையத்தோடு வாதிட்டு நேரத்தைச் செலவிடாமல், அவர் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினார். 2012ஆம் ஆண்டுக் குறைதீர் விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் அத்தகைய அதிகாரியை வைத்திருத்தல் வேண்டும். முப்பது நாளுக்குள் முறையிடவேண்டும், கட்டணம் இல்லை, முப்பத்தொன்பது நாளுக்குள் முடிவு கூறப்படவேண்டும். அவர் எழுதியதன் உடற்பகுதி பின்வருமாறு:

"என் இணைப்பு ஜூன் 8 காலை பதிவான புகார் முதல் ஜூன் 20 மாலை வரை இயங்கவில்லை. ஜூன் 11 அன்று புகார் தீர்க்கப்பட்டதாக வந்த செய்தி உண்மைக்கு மாறானது. அன்று எடுத்த படத்தை இணைத்துள்ளேன். இரு புகார்களும் ஒரே பழுதைப் பற்றியவை. ஆதலால் பதினைந்து நாள் வாடகையாகிய ரூ. 450ஐயும் அதற்குரிய வரியையும் அடுத்த கட்டணச்சீட்டில் கழித்துத் தருமாறு வேண்டுகிறேன்."

சினச்சொல் ஒன்றும் இதில் இல்லை. தொகை, நாள், சான்று ஆகிய மூன்றும் உள்ளன. படிப்பவர் ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூறியாகவேண்டும்.

இணைப்பு மீண்டபின் வேறொரு குறை தோன்றியது. நூறு மெகாபிட் என்ற வேகம் மாலையில் முப்பத்தைந்துக்கு இறங்கியது. இதனை நிறுவுவது பழுதை நிறுவுவதைவிடக் கடினம். கம்பியில்லா இணைப்பில் சுவரும் தொலைவும் வேகத்தைக் குறைக்கும். அக்குறைக்கு நிறுவனம் பொறுப்பன்று. எனவே அவர் கணினியை ரூட்டருடன் கம்பியால் இணைத்து, பிற கருவிகளை அணைத்து, காலை, மாலை, இரவு என மும்முறை பத்து நாள் அளந்து குறித்தார். மாதத் தரவு வரம்பு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டதோ என்பதையும் தம் கணக்குப் பக்கத்தில் பார்த்து, இல்லை என உறுதி செய்துகொண்டார். காலையில் தொண்ணூறு, மாலையில் முப்பத்தைந்து என்று ஏறி இறங்கினால், நெரிசல் மேற்புறத்தில் உள்ளது எனக் கருத இடமுண்டு. பலர் ஒரே வழியைப் பகிர்கின்றனர். எந்நேரமும் ஒரே அளவில் குறைந்திருந்தால் இழையையோ இணைப்பு முனையையோ ஐயுறவேண்டும்.

அதே 2006 விதிகள், ஒப்புக்கொண்ட வேகத்தில் 80 விழுக்காட்டுக்குமேல் கிடைக்கவேண்டும் என்றன. ஆனால் அவ்வளவை நிறுவனத்தின் முனையிலிருந்து வீடு வரைக்கும் உரியது. அயல்நாட்டு வழங்கியைக்கொண்டு அளந்த எண் இங்கே செல்லாது. நிறுவனத்தின் சொந்த வழங்கியைத் தேர்ந்து அளத்தல் வேண்டும். மேலும், பழுதுக்குப் படிமுறைக் கழிவு வகுத்த விதி, வேகக் குறைவுக்கு அத்தகைய தொகை எதையும் வகுக்கவில்லை. எனவே எவ்வளவு கேட்பது என்பதை அவரே முடிவு செய்யவேண்டியிருந்தது. அதே நிறுவனம் 40 மெகாபிட் திட்டத்தை 600 ரூபாய்க்கு விற்றது. கிடைத்த வேகத்துக்குரிய விலை அதுவே என்று காட்டி, மாதம் 300 ரூபாய் கழிவு கேட்டார்.

ஆகஸ்டு 5 அன்று முடிவு வந்தது. பழுதுக்கு 531 ரூபாய் முழுமையாக ஏற்கப்பட்டு, அடுத்த கட்டணச்சீட்டில் கழிக்கப்பட்டது. இணைப்பை வேறு முனைக்கு மாற்றியதால் வேகம் சீரானது. ஆயினும் கடந்த நாள்களுக்குரிய 300 ரூபாய் மறுக்கப்பட்டது. கைவிட்டுப்போன மெய்ப்புப் பணிகளின் ஊதியத்தைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை.

அதற்குரிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசி நிறுவனங்கள் மீதான வழக்கை அங்கே தொடர முடியாது என்று 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைக் காட்டி நெடுங்காலம் தடுத்துவந்தனர். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தடை இல்லை எனத் தெளிவாக்கியது. சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பின் வழக்குக் கட்டணமும் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் சேவைத் தர விதிகள் புதிதாக வந்துள்ளன. மூன்று நாளைக் கடந்த பழுதுக்கு வாடகைக் கழிவு அவற்றிலும் தொடர்கிறது.

ஊதிய இழப்புக்கு வழக்கிடலாமா என்று அவர் எண்ணிப்பார்த்தார். இழந்த பணிகளைப் பற்றிப் பதிப்பகத்தார் எழுதிய கடிதம் எதுவும் அவரிடம் இல்லை. எல்லாம் தொலைபேசியில் பேசி முடிந்தவை. அவர்களிடம் எழுத்தில் கேட்டு அன்றே மடல் அனுப்பினார்.