உறைந்த தோள்: அளவையும் சிகிச்சையும்
இயன்முறை மருத்துவ மாணவர்க்கான பாடக் குறிப்பு

தோள் மூட்டைப் பற்றிய தேர்வு வினாக்களில், இயக்க வீச்சைப் பாகைகளில் எழுதச் சொல்வதே பெரும்பாலும் முதற்படியாக அமைகிறது. மாணவர் பலர் எண்களை மனனம் செய்துவிடுகின்றனர். அவை எந்த நிலையில் அளக்கப்பட்டவை என்பதை விட்டுவிடுகின்றனர். உறைந்த தோள் என்னும் நோயில் இக்குறை பெரிதும் வெளிப்படும். நீரிழிவு உடையவர்களிடையே இந்நோய் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என மதிப்பிட்டது. எனவே இந்நோயாளிகள் எந்த மாவட்ட மருத்துவமனைக்கும் வரக்கூடியவர்களே.

இயல்பான வீச்சு

கீழ்க்காணும் அளவுகள் பாடநூல்களில் பெரிதும் வழங்குபவை. இவை அனைத்தும் தோள்பட்டை எலும்பும் மூட்டும் சேர்ந்து இயங்கும்போது கிடைப்பவை.

| அசைவு | இயல்பான வீச்சு | அளக்கும் நிலை |
|---|---|---|
| முன்புறம் உயர்த்தல் | 0°–180° | மல்லாந்து படுத்து |
| பின்புறம் நீட்டல் | 0°–60° | குப்புறப் படுத்து |
| பக்கவாட்டில் விலக்கல் | 0°–180° | மல்லாந்து படுத்து |
| உட்சுழற்சி | 0°–70° | கையை 90° விலக்கி, முழங்கையை மடக்கி |
| வெளிச்சுழற்சி | 0°–90° | கையை 90° விலக்கி, முழங்கையை மடக்கி |

உறைந்த தோள் உடையவர் பலரால் கையை 90° வரை விலக்க இயலாது. ஆகவே வெளிச்சுழற்சியை, மேற்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முழங்கையை 90° மடக்கி அளக்க வேண்டும். கோணமானியின் அச்சு முழங்கையின் முனையில் அமையும். நிலைத்த கை நேர் முன்னோக்கி நிற்கும். நகரும் கை முன்கையைத் தொடர்ந்து செல்லும். இந்நிலையில் இயல்பான தோளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 60° மட்டுமே. 90° என்னும் அட்டவணை அளவோடு இதனை ஒப்பிடலாகாது. நோயாளியின் நலமான பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

தோள்பட்டை எலும்பு செய்யும் ஏமாற்று

கையை முழுவதும் உயர்த்தும்போது கிடைக்கும் 180° இல் ஏறத்தாழ 120° தோள் மூட்டிலிருந்தும், 60° தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலிருந்தும் வருகின்றன. விகிதம் 2:1 ஆகும். மூட்டு உறை தடித்துச் சுருங்கினால் மூட்டின் பங்கு குறைகிறது. நோயாளி தோளைத் தூக்கி அதனை ஈடுசெய்கிறார். முதுகுப்புறத்திலிருந்து பார்த்தால், கையைத் தூக்கத் தொடங்கியவுடனேயே தோள் காதை நோக்கி எழுவதும், உடல் மறுபுறம் சாய்வதும் தெரியும்.

இதனைப் பிரித்தறிய, ஒரு கையால் தோள்பட்டை எலும்பின் வெளிவிளிம்பை அழுத்திப் பிடித்து, மற்றொரு கையால் நோயாளியின் மேற்கையை விலக்க வேண்டும். எலும்பு நகரத் தொடங்கும் இடமே மூட்டின் உண்மையான எல்லை. பிடிக்காமலும் பிடித்தும் எடுத்த இரு அளவுகளையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

நீரிழிவு உடைய 52 வயதுப் பெண் ஒருவரைக் கொள்வோம். ஐந்து மாதங்களாக அவரது வலத்தோளில் வலி. தலை வாரவோ, முதுகுப்புறம் கையைக் கொண்டுசெல்லவோ இயலவில்லை. இரவில் அப்பக்கம் படுக்க முடிவதில்லை. மருத்துவர் உதவி கொடுத்து அசைத்தபோது கிடைத்த அளவுகள் வருமாறு:

| அசைவு | வலம் | இடம் |
|---|---|---|
| வெளிச்சுழற்சி, கை விலாவோடு ஒட்டி | 15° | 60° |
| விலக்கல், தோள்பட்டையைப் பிடித்து | 50° | 95° |
| விலக்கல், பிடிக்காமல் | 100° | 180° |
| உட்சுழற்சி, கையை 45° விலக்கி | 50° | 70° |

வெளிச்சுழற்சியில் கால்பங்கே எஞ்சியுள்ளது; பிடித்து அளந்த விலக்கலில் பாதிக்குச் சற்று மேல்; உட்சுழற்சியில் ஏறத்தாழ ஏழு பத்திலொன்று. வெளிச்சுழற்சி மிகவும், விலக்கல் அதற்கடுத்தும், உட்சுழற்சி குறைவாகவும் இழக்கப்படுவது மூட்டு உறையின் இறுக்கத்துக்கு உரிய ஒழுங்கு. பிடிக்காத 100° இல் மூட்டின் பங்கு 50° மட்டுமே. மீதி 50° தோள்பட்டை எலும்புடையது. 2:1 ஆக இருக்க வேண்டிய விகிதம் 1:1 ஆகிவிட்டது.

நோயாளி தாமே அசைத்தாலும் மருத்துவர் அசைத்தாலும் வீச்சு ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பது இந்நோயின் மற்றோர் அடையாளம். தாமே தூக்க முடியாமல், பிறர் தூக்கினால் கை முழுவதும் எழுமானால், தசைநாண் கிழிவையோ நரம்புத் தளர்ச்சியையோ ஐயுற வேண்டும். விழுந்தபின் அல்லது வலிப்புக்குப் பின் வெளிச்சுழற்சி அறவே நின்றுபோனால், மூட்டு பின்புறம் விலகியிருக்கக்கூடும். எக்ஸ்-ரே படம் பாராமல் கையைத் தொடலாகாது.

சிகிச்சையைத் தேர்தல்

கையால் மூட்டை அசைக்கும் முறையை மெயிட்லண்ட் நான்கு படிகளாக வகுத்தார்.

| படி | அசைவின் தன்மை | எப்போது |
|---|---|---|
| 1 | வீச்சின் தொடக்கத்தில் சிற்றசைவு | ஓய்விலும் வலி |
| 2 | தடைக்கு உட்பட்ட இடத்தில் பேரசைவு | வலி மேலோங்கியபோது |
| 3 | தடைக்குள் செல்லும் பேரசைவு | இறுக்கம் மேலோங்கியபோது |
| 4 | எல்லையில் சிற்றசைவு | வலி குறைந்து இறுக்கம் எஞ்சியபோது |

மேற்சொன்ன பெண்ணுக்கு இரவு வலி இருப்பதால் முதலிரு படிகளும், குனிந்து நின்று கையைத் தளர்த்தி ஆட்டும் ஊசற் பயிற்சியும் தொடக்கத்தில் போதும். வலி தணிந்தபின் மூன்றாம், நான்காம் படிகளுக்குச் செல்லலாம். அப்போது எல்லையில் 30 வினாடிகள் நிறுத்தி இழுக்கும் பயிற்சியை மூன்று முதல் ஐந்து முறை செய்விக்கலாம். பயிற்சியால் எழுந்த வலி மறுநாள் வரை நீடித்தால், அளவு மிகுந்துவிட்டது என்பது பொருள். ஒரு படி கீழிறங்க வேண்டும்.

விலக்கலைக் கூட்ட மேற்கை எலும்பின் தலையைக் கீழ்நோக்கி நழுவச் செய்வர். வெளிச்சுழற்சிக்கு முன்நோக்கி நழுவச் செய்ய வேண்டும் என்பது குவிந்த பரப்பைப் பற்றிய பழைய விதி. ஆயினும் 2007-இல் வெளியான ஒரு சிறிய ஒப்பீட்டு ஆய்வில், பின்நோக்கி நழுவச் செய்தோரே வெளிச்சுழற்சியில் மிகுதியாக முன்னேறினர். தேர்வில் விதியை எழுதலாம். நோயாளியிடத்தில் இரண்டையும் செய்து, அளந்து, பயன் தருவதைத் தொடர வேண்டும்.

ஒத்தடம் கொடுக்குமுன் ஓர் எச்சரிக்கை. நீரிழிவால் உணர்வு குன்றியவர்க்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். சுடுநீரும் குளிர்நீரும் கொண்ட இரு சோதனைக் குழாய்களைத் தோளில் மாறிமாறி வைத்து, கண்ணை மூடியபடி அவர் சரியாகச் சொல்கிறாரா எனப் பார்க்க வேண்டும். தவறினால் சூட்டைத் தவிர்க்க வேண்டும்.

முன்னேற்றத்தை அறிதல்

கோணமானி அளவில் 5° வரை பிழை நேரலாம். அதற்குட்பட்ட மாற்றத்தை முன்னேற்றமாகக் கொள்ளலாகாது. ஆறு வாரங்களுக்குப் பின் பிடிக்காத விலக்கல் 100° இலிருந்து 115° ஆக உயர்ந்து, பிடித்த அளவு 50° இலேயே நின்றிருந்தால், மூட்டு திறக்கவில்லை. அப்பெண் தோளைத் தூக்கக் கற்றுக்கொண்டார், அவ்வளவே. பிடித்த அளவு 70° ஆகவும், வெளிச்சுழற்சி 35° ஆகவும் உயர்ந்திருந்தால் உறை தளர்ந்துள்ளது எனத் துணியலாம். இந்நோய் முழுவதும் நீங்க ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை செல்லலாம். சிலர்க்குச் சிறிது குறை எஞ்சவும் கூடும். இதனை முதல் நாளிலேயே நோயாளிக்குச் சொல்லிவிடுதல் நன்று. ஆறு வாரத்தில் குணமாகவில்லையென அவர் பயிற்சியைக் கைவிட்டால், எஞ்சிய வீச்சும் குறையும்.